பதினேழு கிளிக்கும் இருபத்தைந்து கிளிக்கும்

மதுரையில் சமையல் சேனல் நடத்தும் தோழி ஒருத்தி ஒரு மாலை இரண்டு படங்களை எனக்கு அனுப்பினாள். இரண்டும் ஒரே வீடியோவுக்கான தம்ப்நெயில்கள். வீடியோ, பருத்திப்பால் செய்முறை. ‘ஏ’ படத்தில் டம்ளர் நிறையப் பருத்திப்பால், மேலே தேங்காய்த் துருவல். ‘பி’ படத்தில் அரைத்த பருத்திக்கொட்டையைத் துணியில் கட்டிப் பிழியும் கை, விரலிடுக்கில் வழியும் பால். ஏ-யை ஒரு வாரம் வைத்திருந்தாள்; 412 இம்ப்ரெஷன், 17 கிளிக். அடுத்த வாரம் பி-யை வைத்தாள். 388 இம்ப்ரெஷன், 25 கிளிக். அதாவது 4.1 சதவீதம், 6.4 சதவீதம்.

“பி தானே அண்ணே ஜெயிச்சது? மாத்தாம விட்டுடட்டுமா?”

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்தான். பாடத்துக்கு வசதியாக எண்களைக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன். நடந்த விதம் மாறவில்லை.

இம்ப்ரெஷன் என்று யூடியூப் எதை எண்ணுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்ப்நெயிலில் பாதிக்குக் குறையாத பகுதி ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்திருந்தால் அது ஒரு இம்ப்ரெஷன். அதில் எத்தனை பேர் தொட்டு வீடியோவுக்குள் போனார்கள் என்பதே கிளிக் விகிதம். பெரிய சேனல்களுக்கு ஒரு மணி நேரத்தில் வருகிற இம்ப்ரெஷன், நம்மைப் போன்றவர்களுக்கு வாரம் முழுக்கக் காத்திருந்தால்தான் வரும். அதனால் சில நூறை வைத்துக்கொண்டே முடிவெடுக்கப் பழக வேண்டியிருக்கிறது.

412, 388 என்ற எண்களைப் பார்த்தால் கணிசமாகத்தான் தெரியும். ஆனால் இங்கே ஆட்டம் காட்டுவது இம்ப்ரெஷன் அல்ல, கிளிக். அபூர்வமாக நடக்கும் ஒன்றை எண்ணும்போது, கிடைத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு முன்பின்னாகப் போவது சாதாரணம். 17-இன் வர்க்கமூலம் சுமார் 4. அதே படத்தை அதே மாதிரியான 412 பேருக்கு இன்னொரு முறை காட்டியிருந்தால் 13 வந்திருக்கலாம், 21-உம் வந்திருக்கலாம். 25 என்பது 20 ஆகவோ 30 ஆகவோ இருந்திருக்கலாம். 21-உம் 20-உம் வந்திருந்தால் தோழி எனக்குச் செய்தியே அனுப்பியிருக்க மாட்டாள்.

பாடப்புத்தகத்தில் படித்த முக்கியத்துவச் சோதனையைப் போட்டால் p-மதிப்பு 0.14 வருகிறது. வழக்கமான 0.05 கோட்டைத் தாண்டவில்லை. ‘நிரூபணமாகவில்லை’ என்று கையை விரித்துவிடும். அதில் தப்பில்லை. ஆனால் அவளுக்கு இன்று ராத்திரி ஏதாவது ஒரு படம் அங்கே இருந்தாக வேண்டும். நிரூபணமாகவில்லை என்பதற்காக வீடியோவைப் படம் இல்லாமல் விட முடியாது. அவள் கேட்பது வேறு: கைக்கு வந்த தகவலை வைத்துப் பார்த்தால் பி மேலானதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, தப்பாகத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு நட்டம்? இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்வது பேய்ஸ் முறை. தாமஸ் பேய்ஸ் எழுதி, அவர் இறந்த பிறகு 1763-ல் வெளியான கட்டுரையும் ஏறக்குறைய இதே கணக்குதான்: இத்தனை தடவையில் இத்தனை தடவை நடந்தது என்றால், உள்ளே இருக்கும் உண்மை விகிதம் எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும்?

பழைய வீடியோக்கள் சொல்வது

புதுப் படத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்று பாவிப்பது பொய்யடக்கம். தோழியின் சேனலில் ஏற்கெனவே 40 வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றின் சராசரி கிளிக் விகிதம் 5 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு வீடியோக்கள் 3.5-க்கும் 6.5-க்கும் நடுவே நிற்கின்றன, அதாவது திட்ட விலக்கம் 1.5 புள்ளி. ஒரு புதுப் படம் 20 சதவீதம் வாங்கும் என்று யாராவது சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பைத்தான் எண்ணாக்க வேண்டும். இதை முன்னறிவு என்று வைத்துக்கொள்வோம்.

முன்னறிவை ‘சோதனை தொடங்கும் முன்பே பையில் இருக்கும் இம்ப்ரெஷன்’ என்று நினைத்துக்கொண்டால் போதும். எத்தனை இம்ப்ரெஷன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு: சராசரியை, ஒன்றில் அதைக் கழித்து வருவதால் பெருக்கி, திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும்.

```
0.05 × 0.95 / (0.015 × 0.015) − 1 ≈ 210
```

இதை 200 என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம், 10 கிளிக். ஆக ஒவ்வொரு படமும் பந்தயத்துக்கு வரும்போதே 200 இம்ப்ரெஷனும் 10 கிளிக்கும் கையில் வைத்திருக்கிறது. சேனலில் வீடியோக்கள் எல்லாம் ஒரே மாதிரி விகிதம் காட்டினால் இந்த எண் பெரிதாகும்; தாறுமாறாக இருந்தால் சிறிதாகும். ஒரு எச்சரிக்கை: சராசரியும் விலக்கமும் எடுக்கும்போது சில ஆயிரம் இம்ப்ரெஷனாவது வாங்கிய பழைய வீடியோக்களை மட்டும் எடுங்கள். 150 இம்ப்ரெஷன் வாங்கிய வீடியோக்களையும் சேர்த்தால், தற்செயலான ஏற்ற இறக்கம் விலக்கத்துக்குள் புகுந்துகொண்டு முன்னறிவைப் பலவீனமாக்கிவிடும்.

இதற்கு மேல் வேலை வெறும் கூட்டல். ஏ-க்கு 10-உடன் 17 சேர்த்தால் 27 கிளிக்; கிளிக் ஆகாதவை 190-உடன் 395 சேர்ந்து 585. பி-க்கு 35 கிளிக், கிளிக் ஆகாதவை 553. இந்த ஜோடி எண்கள் இரண்டும் பீட்டா பரவல் என்ற வளைகோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. உண்மை விகிதம் எந்த எண்ணாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அந்த வளைகோடு சொல்கிறது. ஏ-யின் மையம் இப்போது 4.4, பி-யின் மையம் 6.0. முதலில் பார்த்த 4.1-உம் 6.4-உம் சேனலின் சராசரியை நோக்கி ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்துவிட்டன. சின்ன எண்ணிக்கையில் வந்த ஆட்டம் இப்படித்தான் அடங்குகிறது.

ஒரு ஷீட், இரண்டு நிரல்

வளைகோட்டைப் பார்த்து ஒப்பிட வேண்டாம். கூகுள் ஷீட்டிலோ எக்ஸெலிலோ `A1`-ல் முதல் சூத்திரத்தையும் `B1`-ல் இரண்டாவதையும் போட்டு, 5000 வரிசை வரை கீழே இழுங்கள்.

```
=BETA.INV(RAND(),27,585)
=BETA.INV(RAND(),35,553)
```

ஒவ்வொரு வரிசையும், ‘உண்மை விகிதங்கள் இப்படியும் இருக்கலாம்’ என்ற ஒரு குலுக்கல். எத்தனை வரிசையில் பி பெரியது என்பதை ஒரு கட்டத்திலும், பி-யை வைத்தால் சராசரியாக எவ்வளவு நட்டம் என்பதை இன்னொரு கட்டத்திலும் கேட்கலாம்.

```
=SUMPRODUCT(--(B1:B5000>A1:A5000))/5000
=SUMPRODUCT((A1:A5000>B1:B5000)*(A1:A5000-B1:B5000))/5000
```

முதல் கட்டத்தில் 0.89-ஐ ஒட்டி வரும். `RAND` இருப்பதால் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் அரைப் புள்ளி முன்பின் ஆடும், பதற வேண்டாம். பி மேலானது என்பதற்கு 89 சதவீத வாய்ப்பு. வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால் மையம் 1.5 புள்ளி, ஆனால் 90 சதவீத நம்பிக்கையோடு சொல்வதானால் மைனஸ் 0.6 முதல் பிளஸ் 3.6 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ‘பி ஐம்பது சதவீதம் மேல்’ என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடும் முன் இந்த வரம்பை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது கட்டத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அதில் 0.0007 வரும். பி-யைத் தேர்ந்தெடுத்து அது தப்பாகப் போனாலும், எல்லாக் குலுக்கல்களையும் சராசரி போட்டால் 10,000 இம்ப்ரெஷனுக்கு 7 கிளிக்தான் நட்டம். எழுத்துகளை இடம் மாற்றி ஏ-யைத் தேர்ந்தெடுத்தால் என்ன நட்டம் என்று கேட்டால் 161 கிளிக். ஒரு பக்கம் 7, மறு பக்கம் 161. வாய்ப்பு 95-ஐத் தொடவில்லையே என்று உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டு எண்களும்தான் விஷயத்தை உடைத்துச் சொல்லும். 10,000-க்கு 10 கிளிக்குக்குக் கீழே நட்டம் வந்தால் முடிவெடுத்துவிடலாம் என்பது நான் வைத்திருக்கும் கோடு. உங்கள் சேனலுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் சோதனை தொடங்கும் முன் எழுதி வையுங்கள். எண் வந்த பிறகு கோடு போடுகிறவன் தனக்குப் பிடித்த படத்தின் பக்கமாகவே போடுவான்.

முன்னறிவு நாமாக வைத்ததுதானே, அதை மாற்றினால் முடிவும் மாறாதா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். பையில் எதுவுமே இல்லாமல், 0-இலிருந்து 100 சதவீதம் வரை எல்லாமே சமம் என்று தொடங்கினால் 93 வருகிறது. பையில் 400 இம்ப்ரெஷனும் 20 கிளிக்கும் வைத்தால் 85. எந்தப் பக்கம் இழுத்தாலும் பி-தான் முன்னால். நான் 400-இன் பக்கம் கொஞ்சம் சாய்வேன், அதற்குக் காரணம் உண்டு. நம் முன்னறிவு வெவ்வேறு வீடியோக்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்திலிருந்து வந்தது. பருத்திப்பாலுக்கும் பிரியாணிக்கும் இருக்கும் தூரம், ஒரே பருத்திப்பாலின் இரண்டு படங்களுக்கு நடுவே இருக்காது. தலைப்பு ஒன்று, சேனல் ஒன்று, பார்க்கிறவர்களும் ஏறக்குறைய அவர்களே. முன்னறிவை இரட்டிப்பாக்கியும் முடிவு நிற்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

89 எதைப் பற்றிய 89?

கணக்கு முடிந்தது, பி-யை வைத்துக்கொள் என்று பதில் அனுப்பியிருந்தால் நான் ஏமாந்திருப்பேன். அனுப்பும் முன் ஒன்று கேட்டேன்: “ரெண்டு வாரமும் ஆளுங்க எங்கேருந்து வந்தாங்க?” ஸ்டூடியோவில் விரிவான பார்வைக்குப் போய் `Traffic source` என்று பிரித்து அனுப்பினாள்.

ஏ இருந்த வாரம்: `Browse features`, அதாவது முகப்பிலும் சந்தா வரிசையிலும் காட்டப்பட்டவை 352 இம்ப்ரெஷன், 11 கிளிக். `YouTube search` 60 இம்ப்ரெஷன், 6 கிளிக்.

பி இருந்த வாரம்: முகப்பில் 188 இம்ப்ரெஷன், 5 கிளிக். தேடலில் 200 இம்ப்ரெஷன், 20 கிளிக்.

கூட்டிப் பாருங்கள், பழைய எண்கள்தான். ஆனால் தேடலில் இரண்டு படமும் 10 சதவீதம், ஒரு இழை வித்தியாசமில்லை. முகப்பில் ஏ 3.1 சதவீதம், பி 2.7. பி-யின் வெற்றி எங்கே போனது? அந்த இரண்டாவது வாரம் மதுரையில் மழை பிடித்திருந்தது. சளி, இருமல் என்றால் பருத்திப்பால் நினைவுக்கு வருகிற ஊர் அது. செய்முறையைத் தேடி வந்தவர்கள் அதிகம். தேடி வருகிறவர் எந்தப் படம் இருந்தாலும் தொடுவார், முகப்பில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் அவ்வளவு சுலபத்தில் தொட மாட்டார். பி-க்கு வாய்த்தது நல்ல கூட்டம். அந்தப் பெருமையை நாம் படத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.

நம் பீட்டா கணக்கில் பிழை எதுவும் இல்லை. இரண்டு படங்களையும் ஒரே மாதிரிக் கூட்டம் பார்த்தது என்ற நிபந்தனையை அது எங்கள்மேல் நம்பிக்கை வைத்து ஏற்றுக்கொண்டது. நிபந்தனை பொய்த்தால் 89 என்பது மழையைப் பற்றிய 89. ஒவ்வொரு படத்துக்கும் இன்னும் ஆயிரம் இம்ப்ரெஷன் சேர்ந்திருந்தால் 89 என்பது 99-க்கு மேல் போயிருக்கும், தப்பு அப்படியே இருந்திருக்கும். அதனால் எண்ணிக்கை குறைவு என்று கவலைப்படும் முன், இரண்டு வாரத்திலும் மூலங்களின் பங்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். பங்கு பத்துப் புள்ளிக்கு மேல் மாறியிருந்தால் மொத்த எண்ணைத் தொடுவதே இல்லை.

மறுபடியும், நாள் மாற்றி நாள்

யூடியூபிலேயே ‘டெஸ்ட் அண்ட் கம்பேர்’ வசதி இருக்கிறது. அது பார்வையாளர்களை ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டுவதால் மழைப் பிரச்சினை அதில் வராது. வாய்ப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அது பார்க்கப்பட்ட நேரத்தின் பங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறது. இம்ப்ரெஷன் குறைந்த வீடியோவில் பல நேரம் தெளிவான வெற்றி இல்லை என்றே முடியும். அப்போது கையால் மாற்றுவதுதான் வழி.

வாரத்துக்கு வாரம் மாற்றாமல் நாளுக்கு நாள் மாற்றச் சொன்னேன். வரிசை: ஏ, பி, பி, ஏ, ஏ, பி, பி, ஏ. எட்டு நாள். ஒரு வீடியோவின் இம்ப்ரெஷன் நாளாக ஆகக் குறையும். ஏ, பி, ஏ, பி என்று போனால் எப்போதும் ஏ ஒரு நாள் முந்திக்கொள்ளும். மேலே சொன்ன வரிசையில் அந்தச் சாய்வு ஒன்றையொன்று கழித்துவிடும்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு அலாரம் வைத்து எழுந்து மாற்றுவார்கள். ஸ்டூடியோவின் நாள் கணக்கு அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி ஓடுகிறது. அங்கே நள்ளிரவு என்றால் நமக்குப் பகல் 12.30, அவர்களுடைய குளிர்கால நேரத்தில் 1.30. அந்த நேரத்தில் மாற்றினால்தான் ஒரு நாளின் எண் ஒரு படத்துக்கு மட்டும் சொந்தமாக இருக்கும். நள்ளிரவில் மாற்றினால், மாற்றும் நாளிலெல்லாம் இரண்டு படங்களும் கலந்து, இருக்கிற வித்தியாசமும் கரைந்துபோகும். மாற்றிய உடனே எல்லாருடைய போனிலும் புதுப் படம் வந்துவிடாது என்பதும் உண்டு. அந்தச் சிறு கலப்பு வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, இல்லாததை உண்டாக்காது.

எட்டு நாளில் முகப்பு இம்ப்ரெஷனை மட்டும் எடுத்தோம். ஏ 310-க்கு 9 கிளிக், பி 296-க்கு 16. முன்னறிவையும் முகப்புக்கென்று தனியாகப் போட்டோம்: அவளுடைய பழைய வீடியோக்கள் முகப்பில் சராசரி 3.5 சதவீதம், விலக்கம் 1.3 புள்ளி. பழைய சூத்திரத்தில் போட்டால் மறுபடியும் 200 இம்ப்ரெஷன், இந்தத் தடவை 7 கிளிக். கணக்கைப் போட்டால் பி-க்கு 89 சதவீதம். அதே எண்! இந்த முறை அது படத்தைப் பற்றிய எண்.

தோழிக்குச் சந்தோஷம். எனக்கு ஒரு உறுத்தல். முதல் சுற்றில் முகப்பில் பி 188-க்கு 5 வாங்கியதை என்ன செய்வது? பிடிக்காத எண் என்பதற்காகத் தூக்கிப் போட முடியாது. வாரம் வேறு என்றாலும் அதுவும் முகப்புக் கூட்டம்தான். பேய்ஸ் முறையில் பழையதைச் சேர்ப்பதும் அதே கூட்டல்தான். ஏ மொத்தம் 662-க்கு 20, பி 484-க்கு 21. முன்னறிவோடு சேர்த்துக் குலுக்கினால் பி-க்கு 84 சதவீதம். பி-யை வைத்தால் நட்டம் 10,000-க்கு 8 கிளிக், ஏ-யை வைத்தால் 104. முன்பே எழுதி வைத்த கோடு 10. பி உள்ளே வந்துவிட்டது, மயிரிழையில்.

இடையில் தினமும் ஷீட்டைத் திறந்து பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் 93 காட்டியது, ஐந்தாம் நாள் 78-க்கு இறங்கியது. பேய்ஸ் முறையில் நடுவில் பார்ப்பது பாவமில்லை. அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலுக்கு அந்த எண் சரியானதே. ஆனால் முன்னறிவே இல்லாமல் தொடங்கி, 95-ஐத் தொட்ட நிமிடத்தில் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், சமமான இரண்டு படங்களில்கூட ஏதாவது ஒன்று என்றாவது ஒரு நாள் அங்கே போய்த் தொட்டுவிடும். அதனால் எட்டு நாள் சுற்று முடியும் வரை படத்தைத் தொடக் கூடாது, பார்ப்பது உன் இஷ்டம் என்று சொல்லியிருந்தேன்.

பி இப்போது அங்கே இருக்கிறது. அதை வைத்த பிறகு நாங்கள் பார்த்த அடுத்த எண், வந்தவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பது. கிளிக் விகிதத்துக்கு அது தெரியாது. பிழியும் கையைப் பார்த்து உள்ளே வந்தவர்கள் முதல் அரை நிமிடத்திலேயே கணிசமாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் வீடியோவில் கொட்டையைப் பிழியும் காட்சி நாலாவது நிமிடத்தில்தான் வருகிறது. அதனால் அடுத்த செய்முறை வீடியோவை, தம்ப்நெயிலில் வரும் காட்சியில் ஐந்து நொடியை வெட்டி ஆரம்பத்திலேயே வைத்து அவள் தொடங்கினாள்.